படகுக்காரர் வாங்கின அட்வான்ஸ் சூப்பர்வைசர் கணக்கில் எப்படி வந்தது?

வேலையை விட்டு நிறுத்துகிறோம் என்று வரும் கடிதத்தில் எல்லாரும் முதல் பத்தியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். வேலை போன செய்தி அதில் இருக்கிறது, படிக்கத்தான் செய்வார்கள். ஆனால் காசு சம்பந்தப்பட்டது எல்லாம் கீழே, கையெழுத்துக்கு மேலே, சின்னதாக நாலு வரியில் இருக்கும். கம்பெனிப் பொருளை ஒப்படைத்து, பாக்கி எதுவும் இல்லை என்று நோ டியூஸ் வாங்கி, அதற்கு அப்புறம் இத்தனை நாளில் ஃபைனல் செட்டில்மென்ட் என்று. அந்த நாலு வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

மண்டபம் பக்கம் மீன் ஏற்றுமதிக் கம்பெனிகளில் சம்பளக் கணக்குப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. இப்போது வீட்டிலிருந்தே சின்னக் கடைகளுக்கும் ஐஸ் பிளான்ட்டுக்கும் கணக்கு எழுதுகிறேன். அதனால் இந்த மாதிரி தாள்கள் என்னிடம் வந்துவிடும். இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் வந்தது தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவனுடைய தாள். ஒரு கம்பெனியில் கொள்முதல் சூப்பர்வைசர். கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை, அவன் இன்னும் இதே கரையில்தான் வேலை தேடுகிறான். தொகைகளைக் கணக்கு புரிவதற்காக முழுசாக்கியிருக்கிறேன்.

"அக்கா, வேலையும் போச்சு, நான்தான் அவங்களுக்கு ஏழாயிரம் கட்டணுமாம்" என்று தாளை நீட்டினான். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. வரவுப் பக்கம் 73,846, பிடித்தப் பக்கம் 81,000, அடியில் சிவப்பு மையில் 7,154 ரூபாய் ஊழியர் செலுத்த வேண்டியது என்று. கிட்டத்தட்ட ஏழு வருஷம் வெயிலில் நின்று இறால் எடை போட்டவனுக்கு வந்த கணக்கு இது.

முதலில் கடிதம். ஏப்ரல் 28 தேதி போட்டிருந்தது. தடைக்காலமும் ஏற்றுமதி ஆர்டர் குறைவும் காரணமாக ஏப்ரல் 30 முதல் தங்கள் சேவை தேவைப்படவில்லை, நோட்டீஸ் காலத்துக்குப் பதிலாக நோட்டீஸ் சம்பளம் தரப்படும் என்று எழுதியிருந்தது. இந்த ஒரு வாக்கியம் அவனுக்குப் பெரிய சொத்து என்று நான் சொன்னபோது அவனுக்குப் புரியவில்லை. தவறு, அலட்சியம், கையாடல், நம்பிக்கைக் குறைவு என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. வேலை குறைவு என்பதால் நிறுத்துகிறோம் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்துவிட்டது. அப்படி எழுதிய பிறகு கணக்குத் தாளில் வந்து இவன் பொருளைத் தொலைத்தான், பணத்தைத் தொலைத்தான் என்று பிடிப்பது அவ்வளவு சுலபம் இல்லை. அது ஏன் என்று, வேலையை விடும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டியைப் பற்றிப் பேசும் இடத்தில் சொல்கிறேன்.

இந்தக் கடிதம் கைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னால் மேனேஜர் இவனைக் கூப்பிட்டு, "தம்பி, நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துரு, சர்வீஸ் சர்டிபிகேட் நல்லா போட்டுத் தர்றேன்" என்று சொல்லியிருக்கிறார். இவன் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டான். நல்ல வேளை. ராஜினாமா எழுதியிருந்தால் நோட்டீஸ் சம்பளம் அப்படியே திசை மாறியிருக்கும். கம்பெனி நிறுத்தினால் கம்பெனி ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் விலகினால், அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் உள்ளபடி நீங்கள் தர வேண்டியது. ஒரு தாளில் யார் யாரை விட்டார்கள் என்பதை வைத்து ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகவோ கழித்தலாகவோ நிற்கும். நிறுத்துவது அவர்களாக இருந்தால் நிறுத்தும் கடிதத்தையும் அவர்களே எழுதட்டும்.

சரி, நோட்டீஸ் சம்பளம் எவ்வளவு? தாளில் 9,000 என்று போட்டிருந்தார்கள். இவன் மாதச் சம்பளம் 24,000. அதில் அடிப்படைச் சம்பளம் 9,000, வீட்டு வாடகைப் படி 7,000, பயணப் படி 8,000. நிறையக் கம்பெனிகள் நோட்டீஸ் சம்பளத்தை அடிப்படைச் சம்பளத்தில் போட்டுவிடும், யாரும் கேட்க மாட்டார்கள். இதற்கு விடை வேலையில் சேர்ந்தபோது கொடுத்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருக்கிறது. அதைத் தேடி எடுத்து வரச் சொன்னேன். அவன் அம்மா ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார், கோவில் திருவிழா நோட்டீஸ் ஒன்றோடு சேர்த்து மடித்து. நாலாவது பக்கத்தில், இரு தரப்பில் எவரும் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடாக ஒரு மாத மொத்தச் சம்பளம் என்று தெளிவாக இருந்தது. மொத்தச் சம்பளம் என்றால் 24,000. முதல் வரியிலேயே 15,000 ரூபாய் குறைச்சல். ஆர்டரில் அடிப்படைச் சம்பளம் என்று எழுதியிருந்தால் இந்த வாதம் இவ்வளவு எளிதாக நின்றிருக்காது. அதனால்தான் ஆர்டரைப் பார்க்காமல் யாரும் நோட்டீஸ் சம்பளத்துக்கு ஒரு எண் சொல்லக் கூடாது, நான் உட்பட.

ஏப்ரல் சம்பளம் 24,000, பயன்படுத்தாத லீவு 13 நாளுக்கு 4,500. இந்த இரண்டிலும் சண்டை இல்லை. லீவுக்கு எந்தச் சம்பளத்தை எத்தனையால் வகுப்பது என்பது பெரும்பாலும் கம்பெனி விதிப்படி நடக்கும். இவர்கள் அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்துச் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். 30-ஆல் வகுக்கும் இடங்களும் உண்டு, அங்கே கொஞ்சம் குறையும்.

இப்போது பிடித்தப் பக்கம். மூன்று வரி. படகு அட்வான்ஸ் 45,000. மீன் போடும் ட்ரே 60-க்கு, ஒன்று 400 வீதம் 24,000. மொபைல் போன் 12,000.

முதல் வரிதான் இந்தக் கரைக்கே உரியது, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். படகுக்காரர் தன் மீனை வேறு யாருக்கும் போடாமல் நம்மிடமே போட வேண்டும் என்பதற்காகக் கம்பெனி அட்வான்ஸ் கொடுக்கும். வலை, இன்ஜின் வேலை, டீசல், சில சமயம் வீட்டுக் கல்யாணம். அப்புறம் ஒவ்வொரு நாள் மீன் போடும்போதும் கிலோவுக்கு இவ்வளவு என்று பிடித்துக் கழித்துக்கொண்டே வருவார்கள். பணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், நோட்டில் கையெழுத்து வாங்குவதும், எடை போடும்போது கழிப்பதும் சூப்பர்வைசர் வேலை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு எல்லாம் கரையில். தடைக்கு முன்னால் படகு பராமரிப்புக்கு என்று அட்வான்ஸ் கேட்பார்கள், தடை தொடங்கியதும் மீன் வராது, மீன் வராததால் பிடித்தமும் இல்லை. ஆக, ஏப்ரல் கடைசியில் எந்தக் கொள்முதல் சூப்பர்வைசரின் நோட்டைப் பிரித்தாலும் பாக்கி உச்சத்தில்தான் இருக்கும். அந்த நேரம் பார்த்து ஆளை நிறுத்தி, நோட்டில் உள்ள பாக்கியை அவன் பெயரில் ஏற்றினால், எந்த மாதத்தையும் விட அதிகமாகப் பிடிக்கலாம். வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, ஆனால் கணக்கு எழுதுகிறவருக்கு இது தெரியாமல் இருக்க வழியும் இல்லை.

அந்த 45,000 மூன்று படகுக்குப் போனது. 20,000, 15,000, 10,000. மூன்றும் படகுக்காரர் கம்பெனிக்குத் தர வேண்டிய கடன். இவன் கையில் இருக்கும் பணம் இல்லை. ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய ஆளிடம் பணம் குறைந்தால் பிடிக்கலாம்தான், ஆனால் அந்தக் குறைவு நேராக அவனுடைய அலட்சியத்தாலோ தவறாலோ வந்திருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன்னால் காரணம் சொல்ல அவனுக்கு வாய்ப்பும் கொடுத்திருக்க வேண்டும். இங்கே பணம் எங்கேயும் தொலையவில்லை, யாரிடம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். படகு பாம்பன் பாலத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற தூரத்தில் நிற்கிறது.

ஆனாலும் வாயால் சொன்னால் போதாது. முதல் இரண்டு படகுக்கும் கம்பெனி வவுச்சரில் படகுக்காரர் கையெழுத்து இருந்தது. மூன்றாவது 10,000-க்கு வவுச்சர் கிடையாது. மேனேஜர் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பி, "அவசரமா கேக்குறாரு, கையில இருக்கறதுல குடுத்துரு, வவுச்சர் அப்புறம் போட்டுக்கலாம்" என்று சொன்னதன் மேல் கொடுத்தது. வவுச்சர் அப்புறம் வரவே இல்லை. இந்த இடத்தில் மட்டும்தான் இவன் பக்கம் பலவீனம். அதனால் மூன்று படகுக்காரரிடமும் போய், இன்ன தேதியில் இன்ன கம்பெனியிடமிருந்து இன்னாரின் கை வழியாக இவ்வளவு அட்வான்ஸ் பெற்றேன், இன்றைய தேதியில் பாக்கி இவ்வளவு என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கச் சொன்னேன். மூன்றாமவர் முதலில் தயங்கினார். "நான் கம்பெனிக்குத் தரவேண்டியதை நீ ஏன்டா எழுதி வாங்குற?" என்று கேட்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும், "ஏலே, என் கடனையா உன் தலையில போட்டாங்க?" என்று உடனே போட்டுக் கொடுத்தார். குரல் செய்தியையும் அந்தத் தாளையும் சேர்த்து வைத்தபோது 45,000 முழுவதும் படகுக்காரர் பெயருக்குப் போய்விட்டது.

ட்ரே கதை வேறு. இது உண்மையாகவே கம்பெனிச் சொத்து, இவன் பெயரில் 60 ட்ரே ஏற்றியிருந்தது. கரையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ட்ரே என்பது நிற்காமல் ஓடும் பொருள். படகில் ஏறும், வேறு கம்பெனி வண்டியில் மாறிப் போகும், அலையில் போகும், யார் வீட்டு வாசலிலோ கருவாடு காயப் போடப் பயன்படும். நீல ட்ரேயில் சிவப்பு பெயின்டில் கம்பெனிப் பெயர் எழுதியிருப்பார்கள், உப்பும் செதிலும் பட்டு ஒரு சீசனில் அது பாதி அழிந்துவிடும். நல்லதாக இவன் ஒரு காரியம் செய்திருந்தான், ட்ரே கொடுக்கும்போதெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் படகு எண்ணும் எத்தனை ட்ரே என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தான். அதை உட்கார்ந்து கூட்டினோம். 41 ட்ரே ஐஸ் பிளான்ட் கேட்டில் திருப்பி வந்து கேட் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. 11 ட்ரே படகுகளில் இருக்கிறது, கையெழுத்து உண்டு. 8 ட்ரேக்கு எந்தத் தடமும் இல்லை. அந்த எட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியது நியாயம் என்று அவனே சொன்னான். ஆனால் புது ட்ரே விலையில் இல்லை. நஷ்டத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பதுதான் சட்டம், மூன்று சீசன் அடிபட்ட ட்ரே போனால் நஷ்டம் 400 ரூபாய் ஆகாது. பேசி 250-க்கு வந்தது, 2,000 ரூபாய்.

போன் 12,000 என்று போட்டிருந்ததும் வாங்கின அன்றைய விலை. மூன்று வருஷம் ஆன போன், கண்ணாடியில் விரிசல், மற்றபடி ஓடுகிறது. பொருளைத் திருப்பி வாங்கிக்கொண்டே முழு விலையையும் பிடிப்பது எந்தக் கணக்கு என்று நான் கேட்டேன், அந்தப் பக்கம் பதில் இல்லை. டிஸ்ப்ளே மாற்றும் செலவு 2,500 என்று கடையில் எழுதி வாங்கி அதற்கு ஒத்துக்கொண்டான்.

பொருளை ஒப்படைக்கும் விஷயத்தில் பசங்க எல்லாருக்கும் ஒரே யோசனைதான் வரும். கம்பெனி கொடுத்த வண்டியை வைத்து இவனுக்கும் வந்தது. "காசு வர்ற வரைக்கும் வண்டியைத் தர மாட்டேன்க்கா." கூடாது. கோபம் நியாயமாக இருக்கலாம், ஆனால் வேலை முடிந்த பிறகு கம்பெனிப் பொருளைப் பிடித்து வைத்தால் நம்பிக்கை மோசடி என்று போலீஸில் எழுதிக் கொடுக்க இடம் கொடுத்தது போல ஆகும். பதிவு செய்த கம்பெனியாக இருந்தால் கம்பெனிச் சட்டத்தின் 452-ஆம் பிரிவு வேறு இருக்கிறது, சொத்தைத் தராமல் வைத்திருக்கும் ஊழியருக்கு ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை அபராதம். இதுவரை சம்பளம் கேட்கும் ஆளாக இருந்தவன் ஒரே நாளில் குற்றம் சாட்டப்பட்ட ஆளாக மாறிவிடுவான், அப்புறம் பேச்சு அந்த வண்டியைப் பற்றி மட்டும்தான் நடக்கும்.

எனவே எல்லாவற்றையும் உடனே கொடுத்துவிட வேண்டும், ஆனால் தாளில் கொடுக்க வேண்டும். அவன் கொண்டுபோன தாளில் வண்டி எண், கிலோமீட்டர் ரீடிங், ஆர்.சி. புத்தகம், இரண்டு சாவி, எலக்ட்ரானிக் தராசு அதன் சீரியல் எண்ணோடு, போன் அதன் ஐ.எம்.ஈ.ஐ. எண்ணோடு என்று எல்லாம் இருந்தது. போனில் `*#06#` அடித்தால் அந்த எண் திரையில் வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரில் இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை. வண்டிக்குத் தேதியோடு நேரத்தையும் எழுதச் சொன்னேன். ஒப்படைத்த அன்று சாயங்காலமே வேறு யாராவது அதை எடுத்துக்கொண்டு ஹெல்மெட் இல்லாமல் ராமேஸ்வரம் ரோட்டில் போனால், அபராதம் யார் பெயரில் என்ற பேச்சு ஆறு மாதம் கழித்து வரும். இரண்டு பிரதி, ஒன்றில் வாங்கிக்கொண்டவர் பெயர், கையெழுத்து, சீல். சீல் தர மாட்டேன் என்றால் அதே தாளைப் போட்டோ எடுத்துக் கம்பெனி மின்னஞ்சலுக்கு அன்றே அனுப்பிவிட வேண்டும்.

போனைக் கொடுப்பதற்கு முன்னால் இன்னொரு வேலை. கம்பெனி சிம் நம்பரைத்தான் பல பேர் வங்கி, ஆதார், பி.எஃப். எல்லாவற்றுக்கும் கொடுத்து வைத்திருப்பார்கள். இவனும் அப்படித்தான். சிம்மைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் முதல் ஓ.டி.பி. எல்லாம் கம்பெனி மேசை டிராயருக்குள் போகும். அதனால் முதலில் ஆதாரில் சொந்த நம்பரை மாற்றி, வங்கியிலும் பி.எஃப். கணக்கிலும் மாற்றி, அப்புறம்தான் சிம். போனில் இருந்த தன் சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, அந்தக் குரல் செய்தி இதையெல்லாம் நகல் எடுத்துக்கொண்டான். வாங்குகிறவர் பட்டியல், ஏற்றுமதி விலை என்று கம்பெனிக்கு உரியதை எடுக்காதே என்று சொல்லி வைத்தேன், அது தேவையில்லாத வம்பு.

இப்போது கிராஜுவிட்டி. ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு உண்டு. கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, எத்தனை வருஷமோ அத்தனையால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் அது முழு வருஷம். இவனுக்கு 6 வருஷம் 9 மாதம், எனவே 7. தடைக்காலத்தில் வேலை இல்லாத நாளைக் கழித்து ஐந்து வருஷம் ஆகவில்லை என்று சொல்லும் கம்பெனிகளும் உண்டு. ஊழியரின் தவறு இல்லாமல் வேலை நின்ற நாள் தொடர்ச்சியை முறிக்காது. இவன் தடைக்காலத்திலும் மாதச் சம்பளம் வாங்கியவன், அதனால் அந்தப் பேச்சே எழவில்லை.

எந்தச் சம்பளத்தில் போடுவது என்பதில்தான் வித்தியாசம். தாளில் 9,000-ஐ வைத்து 36,346 போட்டிருந்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததிலிருந்து ஊதியம் என்பதற்கு விளக்கம் மாறிவிட்டது. வாடகைப் படி, பயணப் படி மாதிரி கணக்கில் சேராதவை மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால், கூடுதலாகப் போன பகுதி ஊதியத்திலேயே சேர்ந்துவிடும். பி.எஃப். பங்கை எல்லாம் விட்டுவிட்டு எளிதாகப் பார்த்தால், இவனுக்கு மொத்தம் 24,000, பாதி 12,000. படிகள் 15,000. பாதியைத் தாண்டிய 3,000 அடிப்படைச் சம்பளத்தோடு சேர, ஊதியம் 12,000. அதில் போட்டால் கிராஜுவிட்டி 48,461. பன்னிரண்டாயிரத்துக்கு மேல் வித்தியாசம். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துப் படியை ஏற்றி வைத்திருக்கும் கம்பெனி ஆட்கள் எல்லாரும் இந்த ஒரு வரியைப் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் சொன்ன கடித வாக்கியம் இங்கேதான் வேலை செய்கிறது. கிராஜுவிட்டியிலிருந்து பொருள் நஷ்டத்தை எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனால் அந்த நஷ்டத்தை உண்டாக்கிய செயலுக்காகவோ அலட்சியத்துக்காகவோதான் வேலையை விட்டு நிறுத்தியிருக்க வேண்டும், அப்போதும் நஷ்டத்தின் அளவுக்கு மட்டும்தான். ஆர்டர் குறைவு என்று எழுதி நிறுத்தியவனிடம் அதைச் செய்ய முடியாது. ஆகவே கிராஜுவிட்டியை அந்தத் தாளிலிருந்தே தனியாகப் பிரித்து வைக்க வேண்டும். ட்ரேயும் போனும் அதைத் தொடக் கூடாது. அதற்குக் கெடுவும் தனி, 30 நாள், தாண்டினால் வட்டி.

மிச்சம் உள்ள சம்பளம், நோட்டீஸ் சம்பளம், லீவுப் பணம் மூன்றும் சேர்த்து 52,500. அதில் ஒத்துக்கொண்ட 4,500 போக 48,000. ஏப்ரல் சம்பளத்தின் பி.எஃப். பிடித்தம் மட்டும் அதில் கழியும். கடிதத்தில் நோ டியூஸ் கிடைத்து 45 நாளில் என்று இருந்தது. வேலையை விட்டு நீக்கினால் வர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், அதில் நோ டியூஸ் என்ற நிபந்தனை இல்லை. ஏப்ரல் 30 வியாழன், மே 1 விடுமுறை, நடுவில் ஒரு ஞாயிறு. ஆக மே 4-க்குள் வந்திருக்க வேண்டிய சம்பளம். நாட்டில் எத்தனை கம்பெனி இரண்டு நாளில் கொடுக்கிறது என்று கேட்காதீர்கள். ஆனால் மே 5 அன்று தேதி போட்டு எழுதின கடிதத்துக்கும், சும்மா போனில் கெஞ்சுவதற்கும் உள்ள வித்தியாசம் எதிரில் உட்கார்ந்திருக்கும் அக்கவுன்டன்டுக்கு நன்றாகத் தெரியும். நான் அந்த நாற்காலியில் இருந்தவள்.

ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். தாளில் உள்ள ஒவ்வொரு வரியும், எங்கள் கணக்கும், ஆதார நகல்களும். ஸ்பீட் போஸ்ட், கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு. பத்து நாளில் கூப்பிட்டார்கள். 48,000 கணக்குக்கு ஒத்துக்கொண்டார்கள். கிராஜுவிட்டி மட்டும் பழைய 36,346-தான், புதுச் சட்டம் எங்களுக்கு இன்னும் விளக்கம் வரவில்லை என்று. கையில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டின வவுச்சர், முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று அச்சடித்தது. இவன் எனக்குப் போன் போட்டான். வாங்காமல் வராதே, ஆனால் அந்த வரியை அடித்துவிட்டு, இன்ன தொகையை மட்டும் பெற்றுக்கொண்டேன், கிராஜுவிட்டி பாக்கிக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று உன் கையாலேயே எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போடு என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள். எழுத விடாமல் அடம்பிடித்தால் வங்கிக் கணக்கில் போடச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். பணம் வந்த அன்றே அதே வாசகத்தை மின்னஞ்சலில் அனுப்பினால் போதும்.

ஆட்குறைப்பு இழப்பீடு என்று ஒன்று இன்னும் நிற்கிறது. ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். சூப்பர்வைசர் வேலை பார்த்து 18,000-க்கு மேல் வாங்குகிறவர் தொழிலாளர் விளக்கத்தில் வர மாட்டார் என்று கம்பெனி சொல்கிறது. பதவிப் பெயர் என்ன என்பதைவிட என்ன வேலை செய்தான் என்றுதான் பார்ப்பார்கள். இவன் கீழே ஆள் கிடையாது, லீவு கொடுக்கும் அதிகாரம் கிடையாது, எடை போட்டு ஐஸ் போட்டு வண்டியில் ஏற்றினவன். ராமநாதபுரத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் கிராஜுவிட்டி பாக்கியையும் இதையும் தனித்தனி மனுவாகக் கொடுத்திருக்கிறான். கிராஜுவிட்டி வரும் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. இழப்பீடு எந்தப் பக்கமும் போகலாம், அவனிடமும் அதைச் சொல்லிவிட்டேன். சம்பள பாக்கி தர மறுத்தால் மனு கொடுக்க மூன்று வருஷம் வரை நேரம் உண்டு, ஆனால் படகு மாறி ஆள் மாறிவிட்டால் கையெழுத்து வாங்க யாரும் இருக்க மாட்டார்கள்.

பி.எஃப். பணம் இந்தத் தாளில் வராது, அது கம்பெனி தரும் பணமும் இல்லை. ட்ரே பாக்கி இருக்கிறது, அதனால் பி.எஃப். விட மாட்டோம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அவர்களால் செய்ய முடிந்தது ஒன்றுதான், வேலையை விட்ட தேதியைப் பதிவு செய்யாமல் இழுப்பது. கடைசி மாதப் பங்கு விழுந்து இரண்டு மாதம் ஆன பிறகு அதை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பி.எஃப். உறுப்பினர் தளத்தில் `Manage` என்பதற்குள் `Mark Exit`, ஆதாரில் உள்ள நம்பருக்கு ஓ.டி.பி. வரும். கடிதத்தில் உள்ள தேதியையே போடுங்கள். தம்பி ஜூலையில் போடப்போகிறான், நம்பர்தான் ஏற்கெனவே மாற்றியாகிவிட்டதே.